எதிர்சேவை மோர்ப்பந்தலுக்கு ஆள் கூப்பிடுவது: எந்த நேரம், எந்த வேலை

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்கு வரும் நாளில் அழகர்கோவில் சாலை நெடுக நீர்மோர்ப் பந்தல்கள் இருக்கும். பந்தல் போடும் தெருக்காரர்கள் காசு வசூலுக்கும் தயிருக்கும் காட்டும் அக்கறையை ஆள் ஏற்பாட்டுக்குக் காட்டுவதில்லை. "ஞாயித்துக்கிழமை மீட்டிங், எல்லாரும் வந்துருங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடுவதோடு சரி. அந்த ஒரு வரிக்கு நாற்பது கட்டைவிரல் வரும், கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். வந்த பன்னிரண்டு பேரும் சாயந்திரம் மோர் ஊற்ற நிற்பதாகச் சொல்வார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு டம்ளர் கழுவ யார் என்ற பேச்சே எழாமல் கூட்டம் கலைந்துவிடும்.

கோளாறு அழைப்பில்தான். கூட்டத்துக்கு வரச் சொல்லும் செய்தியிலேயே எந்த நேரம் நிற்க முடியும், என்ன வேலை செய்ய முடியும் என்று கேட்டு, பதிலைக் கூட்டத்துக்கு முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். கூட்டம் அந்தப் பட்டியலில் உள்ள ஓட்டையை அடைக்கத்தான். இதை எப்படிக் கேட்பது என்று தல்லாகுளம் பக்கத்துத் தெரு ஒன்றின் பந்தலை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நேரத்தைப் பிரிக்கும் முன், அன்றைக்கு நடப்பதை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அழகர் முந்தின நாள் மாலை கோயிலிலிருந்து கிளம்பி, மறுநாள் காலை மூன்றுமாவடியில் எதிர்சேவை. அங்கிருந்து புதூர் வழியாக மண்டகப்படி மண்டகப்படியாக நின்று இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வந்து சேருவார். நள்ளிரவுக்கு மேல் ஆண்டாள் மாலை சாற்றித் தங்கக் குதிரையில் புறப்பாடு, விடியலில் ஆழ்வார்புரம் பக்கம் வைகையில் இறங்குகிறார். ஆக தல்லாகுளத்துப் பந்தலுக்குக் கூட்டம் காலையிலிருந்து ஒரே சீராக இருக்காது. பகலில் விட்டு விட்டு வரும். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் ஏறி விடிய விடிய நிற்கும். சாமி ஆற்றுப் பக்கம் நகர்ந்ததும் சனமும் கூடவே போய்விடும், அந்த ரெண்டு ரெண்டரை மணி நேரம் பந்தல் கிட்டத்தட்ட காலி. இறங்கி முடிந்து திரும்பும் கூட்டம் வரும்போதுதான் மறுபடி நெரிசல். இந்த ஏற்ற இறக்கம் தெரியாமல் "காலை, மதியம், இரவு" என்று மூன்றாகப் பிரித்து ஆள் போட்டால், காலியான நேரத்தில் பத்துப் பேர் நிற்பார்கள், நெரிசலில் நாலு பேர் நிற்பார்கள்.

ஒரு ஆள் ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சித்திரை வெயிலிலும் சரி, ராத்திரித் தூக்கத்திலும் சரி, அதற்கு மேல் நின்றால் கை தடுமாறும், வாயும் தடிக்கும். எனவே முறைகளை நாலு மணிக் கணக்கில் வைக்கலாம். எதிர்சேவை திங்கள், ஆற்றில் இறங்குவது செவ்வாய் என்று வைத்துக்கொண்டால் முறைகள் எட்டு: ஞாயிறு சாயந்திரம் பாத்திரம், தயிர், இஞ்சி தயார் செய்வது ஒன்று, திங்கள் காலை எட்டிலிருந்து செவ்வாய் காலை எட்டு வரை ஆறு, செவ்வாய் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கழுவி அடுக்கிச் சுத்தம் செய்வது ஒன்று.

ஒவ்வொரு முறைக்கும் எத்தனை பேர் என்பதை மோரிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். நாற்பது லிட்டர் பால் கேனில் பத்து லிட்டர் தயிர், முப்பது லிட்டர் தண்ணீர். ஒரு டம்ளருக்கு 150 மில்லி என்றால் சிந்தல் போக ஒரு கேனுக்கு 250 டம்ளர். நெரிசலில் ரெண்டு மேசை போட்டு, மேசைக்கு நிமிஷத்துக்கு ஆறு டம்ளர் என்று கொடுத்தால், ஒரு கேன் இருபது நிமிஷத்தில் தீர்ந்துவிடும். முன்கூட்டியே நாலைந்து கேன் கரைத்து வைக்கலாமே என்று தோன்றும். அந்த வெக்கையில் கரைத்த மோர் ரெண்டு மணி நேரத்தில் புளிப்பேறிவிடும், இஞ்சியும் பச்சை மிளகாயும் ஊறி ஊறி உறைப்பு ஏறிவிடும். ஆகவே தயிரைக் குளிர்ச்சியில் வைத்து, தேவைக்குத் தேவை கரைக்க வேண்டும். கரைக்கும் ஆள் ஒவ்வொரு முறையிலும் இருந்தாக வேண்டும், நெரிசலில் ரெண்டு பேர். கூட்டத்தில் எவரும் கேட்டு வாங்காத வேலை இது.

அடுத்து டம்ளர். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எவர்சில்வர் டம்ளர்தான் நல்லது, ஆனால் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு டம்ளர் போனால் பன்னிரண்டு திரும்பி வரும். சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர் என்று மூன்று அண்டா வைத்துக் கழுவினால் ஒரு ஆள் நிமிஷத்துக்கு ஆறு கழுவலாம். அங்கேயும் ரெண்டு பேர் வேண்டும். ஊற்ற இருவர், எடுத்துக் கொடுக்க இருவர், கரைக்க இருவர், கழுவ இருவர், எச்சில் டம்ளர் பொறுக்கி வரிசையையும் பார்த்துக்கொள்ள ஒருவர், முறைக்குப் பொறுப்பாக ஒருவர்: நெரிசல் முறைக்குப் பத்துப் பேர். பகலில் ஒரு மேசைக்கு ஐந்து பேர் போதும்.

தயாரிப்புக்கு நாலு, பகல் முறைகள் ரெண்டுக்கும் ஐந்தைந்து, மாலை நாலிலிருந்து விடியற்காலை நாலு வரை மூன்று முறைக்குப் பத்துப் பத்து, அதற்கடுத்த அதிகாலை முறைக்கு ஆறு, சுத்தத்துக்கு ஆறு. மொத்தம் ஐம்பத்தாறு இடம். ஆளுக்கு ரெண்டு முறை என்றால் குறைந்தது இருபத்தெட்டுப் பேர் வேண்டும். கடைசி நேரத்தில் காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்று நாலைந்து பேர் கழன்றுகொள்வார்கள், ஆகவே முப்பத்து மூன்று பேரிடமாவது நிச்சயமான பதில் வாங்க வேண்டும். இந்த எண் கையில் இருந்தால்தான் அழைப்பை எத்தனை பேருக்கு அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்று தெரியும்.

இனி அழைப்பு. பந்தலுக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்பி, பதில் சொல்ல ஐந்து நாள் கொடுத்து, அதற்கு அடுத்த ஞாயிறு கூட்டம் வைப்பது சரியாக வரும். அதைவிட முன்னால் கேட்டால் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டவணை தெரிந்திருக்காது, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட் தெரிந்திருக்காது. அதைவிடத் தள்ளிப்போட்டால் கொடியேற்றம் ஆகிவிடும். தினமும் சாயந்திரம் அம்மன் வீதி உலா பார்க்க மாசி வீதிக்குப் போகிறவர்களைக் கூட்டத்துக்கு இழுக்க முடியாது. திருக்கல்யாணம், தேரோட்டம் ரெண்டும் பந்தலுக்கு ஒட்டிய நாட்கள், அந்த ரெண்டு நாளும் கூட்டம் எதுவும் வைக்கக் கூடாது.

செய்தி இப்படி இருக்கலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெரு எதிர்சேவை நீர்மோர்ப் பந்தலுக்கு யார், எந்த நேரம், என்ன வேலை என்று முடிவு பண்ண வர்ற ஞாயிறு மாலை 6 மணிக்குப் பிள்ளையார் கோயிலை ஒட்டின மொட்டை மாடியில் கூடுறோம். 7 மணிக்கு முடிச்சிருவோம். வரமுடியாதவங்களும் கீழே உள்ளதுக்கு வியாழன் ராத்திரிக்குள்ள பதில் போட்டாப் போதும், உங்க பேரைச் சேர்த்துக்குவோம்.

நிற்க முடியிற நேரம் எல்லாத்துக்கும் நம்பர் போடுங்க. ஆளுக்கு ரெண்டு முறைக்கு மேல் தரமாட்டோம்.
1) ஞாயிறு மாலை 5–9, தயாரிப்பு
2) திங்கள் காலை 8–12
3) திங்கள் பகல் 12–4
4) திங்கள் மாலை 4–8
5) திங்கள் இரவு 8–12
6) திங்கள் படுத்து எழுந்தா வர்ற நள்ளிரவு 12–4, தேதிக்குச் செவ்வாய்
7) செவ்வாய் அதிகாலை 4–8, அழகர் ஆத்துல இறங்குற நேரம்
8) செவ்வாய் காலை 8–11, சுத்தம்

வேலை: மோர் ஊத்துறது, எடுத்துக் கொடுக்கிறது, கரைக்கிறது, டம்ளர் கழுவுறது, வரிசை பார்க்கிறது, வண்டியில போய்ச் சாமான் வாங்கி வர்றது. இதுல உங்களுக்குப் பிடிச்சது ரெண்டு, முடியவே முடியாதது ஒண்ணு எழுதுங்க.

ஆத்துக்குத் தெற்கே இருந்து வர்றவங்க அதையும் சொல்லுங்க. பந்தலுக்கு எதிர்வீட்டுல கழிப்பறை விடிய விடிய திறந்திருக்கும். ராத்திரி நிக்கிற பெண்களை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட ஆள் இருக்கு. 6-ல நிக்கிறவங்க குதிரை வாகனம் நம்ம பந்தலைத் தாண்டும்போது கிட்டத்துல இருந்து கும்பிடலாம்."

இதில் சில வரிகள் வேண்டாத நீளமாகத் தெரியலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

ஆறாவது முறையை அப்படி எழுதியதற்கு முதலில் சொல்கிறேன். நமக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். "திங்கக்கிழமை ராத்திரி ரெண்டு மணி" என்று நம் வீட்டுப் பெரியவர் சொல்வது போன் காலண்டரில் செவ்வாய் ரெண்டு மணி. அழைப்பில் வெறுமனே "செவ்வாய் 12–4" என்று போட்டால் பாதிப் பேர் அதைச் செவ்வாய்ப் பகல் என்று படித்து, அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த பிறகு வந்து நிற்பார்கள். "திங்கள் 12–4" என்று போட்டாலோ, ஐ.டி. வேலையில் இருக்கும் பையன் அதை ஞாயிறு நள்ளிரவு என்று எடுத்துக்கொள்வான். கிழமை, தேதி, "படுத்து எழுந்தால்" மூன்றும் ஒரே வரியில் இருந்தால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆங்கிலத் தேதி ரெண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவது இன்னும் பத்திரம்.

ஆற்றுக்குத் தெற்கே என்ற கேள்வி அந்த நாளுக்கே உரியது. அன்று இரவு கோரிப்பாளையம், ஏ.வி. பாலம் சுற்றிப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், வைகைக் கரை முழுக்க சனம். சிம்மக்கல்லிலோ வில்லாபுரத்திலோ இருந்து ஐந்தாவது முறைக்கு வருகிறேன் என்று சொல்லும் ஆள் இரவு ஏழரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குப் பந்தலுக்கு வந்துசேர முடியாது. அவரை நாலாவது முறையிலோ, ஒன்றாவதிலோ போட வேண்டும். அல்லது மாலையிலேயே வந்துவிட்டு நள்ளிரவு முறையும் முடித்து, விடிந்த பிறகு போகச் சொல்ல வேண்டும். வீடு எங்கே என்று கேட்காமல் நேரம் மட்டும் கேட்டால் இது கடைசி நிமிஷத்தில்தான் தெரியவரும்.

வேலையைப் பொறுத்தவரை, பிடித்ததைவிட முடியாததற்கு வரும் பதில்தான் அதிகம் உதவும். பிடித்தது கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஊற்றுவது என்றே எழுதுவார்கள், அதில் தப்பில்லை. முடியாதது கேட்டால் உண்மை வெளியே வரும். "மூட்டு வலி, நிக்க முடியாது, உக்காந்து இஞ்சி நறுக்குறேன்." "தண்ணில கை வச்சா அலர்ஜி." "வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இல்ல." நிரம்பிய நாற்பது லிட்டர் கேன் பாத்திரத்தின் எடையோடு நாற்பது கிலோவுக்கு மேல். அதை ஒருவரே தூக்கக் கூடாது, ரெண்டு பேர் ஆளுக்கொரு பிடி பிடிக்க வேண்டும். இடுப்புப் பிடிப்பு உள்ளவரைத் தெரியாமல் அங்கே போட்டால் அவர் மறுக்கக் கூச்சப்பட்டுத் தூக்கிவிடுவார்.

வேலைக்குப் பெரிய பட்டம் வைத்து எழுத வேண்டாம். "விருந்தோம்பல் குழு", "ஒருங்கிணைப்புக் குழு" என்று போட்டால் எல்லாரும் ஒருங்கிணைப்புக்கு வருவார்கள். கை செய்யும் செயலை அப்படியே எழுதினால் சொல்பவருக்கும் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியும்.

ஒரு வேலை மட்டும் அழைப்பில் வேண்டாம், நேரில் கேட்டே பிடிக்க வேண்டும்: எழுத்து வேலை. பந்தல் போட காவல் நிலையம், மாநகராட்சி அனுமதி, பொதுவில் உணவும் பானமும் கொடுப்பதால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, இதற்கெல்லாம் அலைய பகலில் ஓய்வுள்ள, கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். உணவுப் பதிவு foscos.fssai.gov.in தளத்தில் நடக்கிறது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் தெருவில் இருந்தால் அவர் வீட்டுக்கே போய், "சார், இது உங்களாலதான் ஆகும்" என்று கேட்பது முறை. குழுவில் பொதுவாகப் போட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

பதில் வாங்கும் வழிக்கு வருவோம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பன்னிரண்டு தேர்வுகள் வரை வைக்கலாம், நம் எட்டு முறை அதில் அடங்கும். ஒருவர் பல தேர்வு எடுக்கும் வசதியை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வேலை விருப்பம், வீடு எங்கே என்பதெல்லாம் அதில் வராது. பேர் அதிகம் என்றால் கூகுள் படிவம் வசதி. அதில் ஒரு எச்சரிக்கை. தேர்வுகளுக்கு "காலை", "அதிகாலை" என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு, பதில் தாளில் "காலை" என்று எண்ணச் சொன்னால் "அதிகாலை" எடுத்தவர்களும் சேர்ந்து எண்ணப்படுவார்கள், ஒரு சொல்லுக்குள் இன்னொன்று இருப்பதால். அதனால்தான் நம்பர். ஏழாவது முறைக்கு எத்தனை பேர் என்று பார்க்க:

```
=COUNTIF(C2:C60,"*7)*")
```

போன் தட்டச்சு வராத அக்காமார்களுக்கும் தாத்தாக்களுக்கும் குரல் பதிவு போதும். ஒருவர் அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தெருவில் நன்றாக வேலை செய்யும் பாதிப் பேர் படிவம் நிரப்பாதவர்கள்.

பதில்களை எண்ணுவதில் கண்டிப்பு வேண்டும். கட்டைவிரல், கைகூப்பு எல்லாம் "பார்த்துட்டேன்" என்று மட்டும் அர்த்தம். "பாக்கிறேன்", "ட்ரை பண்றேன்" இரண்டையும் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள், அவர் வந்தால் மிச்சம். கஷ்டமான பதில், "எப்ப வேணாலும் கூப்பிடுங்க மதினி, வந்து நிக்கிறேன்" என்பது. மனசார சொல்வதுதான், ஆனால் ராத்திரி ஒன்றரைக்குக் கூப்பிடும்போது அவர் போன் சார்ஜில் கிடக்கும். உடனே திருப்பிக் கேட்க வேண்டும்: "தம்பி, 3-ஆ 6-ஆ, ரெண்டுல எது?" இரண்டில் ஒன்றைக் கேட்டால் பதில் வந்துவிடும்.

வியாழன் இரவு எண்ணிப் பார்க்கும்போது படம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முப்பத்து மூன்று பேர் பதில். நாலாவது முறைக்குப் பதினேழு பேர், ஐந்தாவதுக்குப் பதினொன்று, நள்ளிரவுக்கு ஆறு. ஏழாவதுக்கு ரெண்டே பேர். சோம்பலால் இல்லை. அந்த நேரம் அழகர் ஆற்றில் இறங்குகிறார். என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்க ஊரே கரையில் நிற்கும்போது, டம்ளர் கழுவிக்கொண்டு பந்தலில் இரு என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. நேர்த்திக்கடன் இருப்பவர்கள், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், முடி காணிக்கை கொடுப்பவர்கள் அன்றைக்கு வேறு எதற்கும் வரமாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது.

இதற்கு வழி, அந்த முறையை ரெண்டாக வெட்டுவது. நாலிலிருந்து ஆறரை வரை பந்தலில் கூட்டமே இருக்காது, ஒரு மேசையும் மூன்று பேரும் போதும். ஆறரைக்கு மேல் திரும்பும் கூட்டத்துக்குத்தான் ஆறு பேர். முதல் பாதிக்கு நெரிசலுக்குள் போகப் பயப்படுகிறவர்களை, கைக்குழந்தை வைத்திருப்பவர்களைத் தனியாகப் போன் செய்து கேட்கலாம். பந்தலில் ஒரு டி.வி. வைத்து நேரலை போட்டுவிட்டால் அவர்களும் இறங்குவதைப் பார்த்துவிடுவார்கள். டி.வி.க்கு மின் இணைப்பு யார் வீட்டிலிருந்து என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது பாதிக்கு, சாமி பார்த்துவிட்டு நேரே பந்தலுக்கு வருகிறவர்கள். ஆழ்வார்புரத்திலிருந்து தல்லாகுளத்துக்குக் கூட்டத்தை எதிர்த்து நடந்து வர வேண்டும். அதனால் "இறங்கினவுடனே" என்று சொல்லாமல் ஆறே முக்கால் என்று நேரம் சொல்லி வைக்க வேண்டும்.

நாலாவது முறையில் மிஞ்சும் ஏழு பேரில், நள்ளிரவுக்கும் நம்பர் போட்டவர்களை முதலில் அங்கே மாற்றலாம். அப்படியும் நள்ளிரவு பத்தாகவில்லை என்றால்தான் கூட்டத்தில் பேச வேண்டும்.

இவ்வளவும் செய்தால் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடியும். பெரிய சார்ட்டு அட்டையில் எட்டு முறையும் கட்டம் போட்டு, சம்மதம் சொன்ன பெயர்களை எழுதியே கொண்டுபோக வேண்டும். காலிக் கட்டங்கள் சிவப்பில். "யாரெல்லாம் ஃப்ரீ?" என்ற கேள்வியை மொட்டை மாடியில் எழுப்பக் கூடாது. சிவப்புக் கட்டத்தைக் காட்டி, "நள்ளிரவுல கரைக்கிறதுக்கு ஒரு ஆள், மோர் கரைச்சுப் பழக்கம் உள்ளவங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தனக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதும் அப்போது தெரியும். அக்கா தங்கை, மாமியார் மருமகள் ஒரே முறை கேட்டால் கொடுத்துவிடலாம், ஆனால் குழந்தையை வீட்டில் யார் பார்ப்பது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் பொறுப்பாளர் ஒருவர். அவர் தன் முறைக்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் வந்து, எத்தனை கேன் போயிருக்கிறது, எத்தனை தயிர் மிச்சம் என்று முந்தினவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்த அன்று இரவே அட்டையைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் மட்டும் போதாது, சின்ன எழுத்தில் தன் பெயரைத் தேடிப் பார்க்க எல்லாராலும் முடியாது. பொறுப்பாளர் தன் முறை ஆட்களுக்குத் தனித்தனியாக அனுப்பட்டும்: "அண்ணே, உங்களுக்கு 5, திங்கள் இரவு 8 மணி, கழுவுற இடம். 7.45-க்கு வந்துருங்க. முடியலைன்னா ஞாயிறு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க, உங்களுக்குப் பதிலா யார்னு நீங்களே பேசி வச்சுட்டுச் சொன்னா ரொம்ப உதவி." மாற்று ஆளை நேரடியாகப் பந்தலுக்கு அனுப்பாமல் பொறுப்பாளரிடம் பெயர் சொல்ல வேண்டும். மோர் கரைக்க வேண்டியவருக்குப் பதில் வந்தவர் உப்பு அளவே தெரியாதவராக இருக்கலாம். அப்படி ஒருவர் வருகிறார் என்று முன்பே தெரிந்தால் அவரை வரிசைக்கு மாற்றி, வரிசையில் நிற்பவரைக் கரைக்க வைக்கலாம்.